வலியில்லாமல் விழும் பற்கள்

கேள்வி: பல்லில் சூத்தை இல்லை, வலியும் இல்லை. துலக்கும்போது மட்டும் இரத்தம் வருகிறது. இதற்குப் பயப்பட வேண்டுமா?

பதில்: நுவரெலியா மாவட்டத்தின் டன்சினன், ஹரோ தேயிலைத் தோட்டங்களில் நடந்ததைப் பாருங்கள். நோர்வே நாட்டவரான பல் ஆய்வாளர் ஹெரால்ட் லோ, 1970இல் அங்கு 480 ஆண் தொழிலாளர்களின் வாய்களைப் பரிசோதித்தார். பிரஸ்ஸால் பல் துலக்கும் பழக்கமோ பல் வைத்தியமோ அவர்களுக்கு இருக்கவில்லை. ஆயினும் சூத்தை ஏறக்குறைய எவருக்கும் இல்லை. ஆனால் எல்லோருடைய முரசும் (ஈறு) வீங்கியிருந்தது.

1985 வரை அவர்கள் தொடர்ந்து பார்க்கப்பட்டார்கள். நூற்றுக்கு 8 பேருக்கு முரசு நோய் விரைவாக முற்றியது. இவர்கள் 45 வயதாகும்போது எல்லாப் பற்களையும் இழந்தனர். 81 பேருக்கு நோய் மெதுவாக வளர்ந்தது. 45 வயதில் சராசரி ஏழு பற்கள் போயின. 11 பேருக்கு முரசு வீக்கத்துக்கு மேல் நோய் வளரவில்லை. நாம் எந்தக் கூட்டத்தில் இருக்கிறோம் என்பதை வெறும் கண்ணால் முன்கூட்டி அறிய முடியாது.

கேள்வி: நோய் எப்படி வளர்கிறது?

பதில்: முதலில் முரசோரத்தில் கிருமிகள் நிறைந்த மெல்லிய அழுக்குப் படிகிறது. அகற்றாவிட்டால் முரசு சிவந்து இரத்தம் கசியும். இது முதற்படி, துலக்கினால் குணமாகும். அழுக்கு இறுகினால் காரையாகிறது. அதை பிரஸ் அகற்றாது. பல் வைத்தியர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு முரசு பல்லைவிட்டு விலகி, இடையில் பை போன்ற பள்ளம் உண்டாகும். பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாக மீண்டும் வளராது. கடைசியில் பல் ஆடும்.

கேள்வி: புளோரைட்டுப் பற்பசை போதாதா?

பதில்: சூத்தை வேறு விதமாக வருகிறது. சீனி போட்ட தேநீர், டொபி, பிஸ்கட் ஆகியவற்றின் இனிப்பைக் கிருமிகள் அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கிறது. முதலில் வெண்புள்ளி, பிறகு குழி, பிறகு நரம்புவரை வலி. வெண்புள்ளியில் இருக்கும்போதே புளோரைட்டு பல்லை மீண்டும் உறுதிப்படுத்தும். ஆனால் முரசோர அழுக்கைப் பற்பசை தானாக அகற்றாது. பிரஸ்தான் அகற்ற வேண்டும்.

மலைநாட்டு நீரூற்றுகளில் புளோரைட்டு குறைவு. ஆகவே பற்பசை அவசியம். வவுனியா, அனுராதபுரம் பக்கம் குடியேறியவர்களின் கிணறுகள் பலவற்றில் அது மிகுதி. சிறுபிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை வரக்கூடும். எங்கேயானாலும் மூன்று வயதுக்குள் அரிசிமணி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு பசை போதும். விழுங்க விடாமல் துப்பச் செய்யுங்கள்.

செய்து பாருங்கள்: மென்மையான பிரஸ்ஸை முரசும் பல்லும் சேருமிடத்தில் சாய்த்து வைத்து, காலையிலும் படுக்கும் முன்னும் இரண்டு நிமிடம் மெதுவாகத் துலக்குங்கள். இரத்தம் வருகிறதென்று அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் இரத்தம் நின்றால் நோய் முதற்படியில்தான் இருந்திருக்கும். நிற்காவிட்டால், அல்லது பல் ஆடினால், அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.