மூன்று பக்க பயோடேட்டா ஒரு பக்கமாக

போடி, கம்பம் பக்கம் இப்போதுதான் பி.காம். முடித்து, கோவையிலோ சென்னையிலோ தனியார் வேலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு:

1. தந்தை பெயர், மதம், சாதி, ஆதார் எண், கடைசி உறுதிமொழி எல்லாவற்றையும் நீக்குங்கள். முதல் சுற்றில் இவற்றை யாரும் பார்ப்பதில்லை. (அரசு வேலைக்குப் படிவமே வேறு.)

2. மதிப்பெண் அட்டவணை வேண்டாம். பட்டம், கல்லூரி, ஆண்டு, சதவீதம் ஒரு வரி. பிளஸ் டூ இன்னொரு வரி. கட்டங்கள்தான் இடத்தைத் தின்கின்றன.

3. 'கடின உழைப்பாளி'யை அடித்துவிட்டு, செய்த வேலையை எழுதுங்கள்: 'விடுமுறையில் போடி ஏலக்காய்க் கடையில் டேலியில் கொள்முதல் பதிவு, ஜிஎஸ்டி பில் தயாரிப்பு.' நேர்காணலில் கேள்வி இதிலிருந்துதான் வரும்; செய்யாததை எழுதினால் அங்கேயே மாட்டுவீர்கள்.

4. இன்னும் வழிந்தால் எழுத்தைச் சுருக்காமல் வரியை வெட்டுங்கள். பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். வேர்டு கோப்பு வேறு கணினியில் இரண்டாம் பக்கத்துக்கு ஓடிவிடலாம்.