உரம் போட்டா காய்க்குமா? "எந்த நிழல்ல?"னு திருப்பிக் கேளுங்க

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போயிருப்பீங்க. ஏரியும் லேடிஸ் சீட்டும் பார்த்துட்டு இறங்கியிருந்தா, அடுத்த முறை ஏதாவது ஒரு காபித் தோட்டத்து ஓரமா வண்டியை நிறுத்துங்க. சேர்வராயன் மலையில் விளையறது பெரும்பாலும் அரபிக்கா. அது நிழலில் வளர்ற செடி. மேலே சில்வர் ஓக் நிமிர்ந்து நிற்கும், அதுமேல மிளகுக் கொடி ஏறியிருக்கும், கீழே காபி. சில இடத்தில் மேலே பார்த்தா வானமே தெரியாது. சில இடத்தில் மரக்கிளைகளைக் கழிச்சு விட்டு, வெயில் புள்ளி புள்ளியா தரையில் விழும்.

இந்த இரண்டு இடத்திலும் ஒரே அளவு உரம் போட்டா ஒரே அளவு பலன் கிடைக்குமா? இதுதான் இன்டராக்ஷன். டூ-வே அனோவா படிக்கும்போது "இரண்டு காரணிகளின் கூட்டு விளைவு"ன்னு எழுதி வச்சிருப்போம். அதைவிட இப்படிச் சொன்னா நேரா இருக்கும்: ஒரு காரணியின் விளைவு எவ்வளவுங்கிறது, இன்னொரு காரணி எந்த நிலையில் இருக்குங்கிறதைப் பொறுத்து மாறுது.

ஒரு கணக்கு போடுவோம். எண்கள் எல்லாம் பாடத்துக்காக நான் போட்டவை, எந்தத் தோட்டத்திலும் அளந்தவை அல்ல. தனித்தனியா 20 துண்டு நிலம். 10-ல் அடர் நிழல், 10-ல் லேசான நிழல். ஒவ்வொரு பத்திலும் 5 துண்டுக்கு உரம் போட்டாச்சு, 5 துண்டுக்கு இல்லை; எதுக்கு உரம்னு சீட்டுக் குலுக்கி முடிவு பண்ணினது. அளந்தது, ஒரு செடிக்குக் கிடைச்ச பழம், கிலோவில். சராசரிகள் இவை:

| | உரம் இல்லை | உரம் உண்டு |
|---|---|---|
| அடர் நிழல் | 2.0 | 2.2 |
| லேசான நிழல் | 1.8 | 3.2 |

ஒரே குழுவுக்குள்ள துண்டுக்குத் துண்டு இருக்கிற சிதறல், அதாவது பிழையின் சராசரி வர்க்கம், 0.1. அதற்கு சுதந்திரப் படிகள் 16.

அனோவா அட்டவணை போட்டா உரத்துக்கு எஃப் 32, நிழலுக்கு 8, இன்டராக்ஷனுக்கு 18. 1, 16 படிகளுக்கு 5 சதவீத எல்லை 4.49. மூணுமே தாண்டிடுச்சு. இங்கதான் நிறைய ரிப்போர்ட் "உரத்துக்கு விளைவு உண்டு, நிழலுக்கு விளைவு உண்டு, இன்டராக்ஷனும் உண்டு"ன்னு மூணு வரி எழுதி முடிஞ்சிடும். அதில் தோட்டக்காரருக்கு ஒண்ணும் கிடைக்காது.

உரத்தின் மெயின் எஃபெக்ட்டை மட்டும் எடுத்துப் பாருங்க. உரம் உள்ளவற்றின் சராசரி 2.7, இல்லாதவற்றின் சராசரி 1.9. வித்தியாசம் 0.8 கிலோ. இந்த 0.8 எந்த நிலத்தில் நடந்துச்சு? எங்கேயும் நடக்கலை. அடர் நிழலில் கூடினது 0.2, லேசான நிழலில் கூடினது 1.4. இரண்டுக்கும் நடுவில் யாருக்கும் பொருந்தாத ஒரு எண்தான் 0.8.

அதனால இன்டராக்ஷன் தெரிஞ்சதும் சிம்பிள் எஃபெக்ட் பக்கம் போகணும். ஒரு காரணியை ஒரு நிலையில் நிறுத்தி வச்சுட்டு, மற்றதின் விளைவைப் பார்க்கிறதுதான் அது. 2×2 கணக்கில் சூத்திரம் ரொம்பச் சின்னது. d வித்தியாசம், n ஒரு குழுவில் உள்ள துண்டுகள்:

```
SS = n × d² / 2
```

அடர் நிழலில்: 5 × 0.04 / 2 = 0.1. பிழை 0.1-ஆல் வகுத்தா எஃப் 1. லேசான நிழலில்: 5 × 1.96 / 2 = 4.9. எஃப் 49. ரெண்டுக்கும் வகுக்கிறது முழு 20 துண்டிலிருந்தும் வந்த அதே பிழைதான். டேட்டாவை இரண்டா வெட்டித் தனித்தனி டி-டெஸ்ட் போட்டா, 16 படிகளில் பாதியை நாமே தூக்கிப் போட்ட மாதிரி.

கணக்கு சரியான்னு பார்க்கவும் ஒரு வழி இருக்கு. 0.1 + 4.9 = 5.0. அட்டவணையில் உரத்தின் வர்க்கக் கூட்டல் 3.2, இன்டராக்ஷனுடையது 1.8. கூட்டினா அதே 5.0. சிம்பிள் எஃபெக்ட் புதுசா எதையும் கொண்டு வரலை, அதே தகவலை வேற மாதிரி பங்கு போடுது. கூட்டல் ஒத்து வரலைன்னா எங்கேயோ தப்பு.

ஆர் மென்பொருளில்:

```r
m <- aov(pazham ~ nizhal * uram, data = d)
summary(m)
library(emmeans)
pairs(emmeans(m, ~ uram | nizhal))
```

வெளியீட்டில் எஃப்-க்குப் பதிலா டி வரும். `illai - undu` என்ற வரிசையில் கழிக்கிறதால −1, −7 என்று மைனஸில் இருக்கும். பயப்பட வேண்டாம், வர்க்கம் எடுத்தா அதே 1, 49.

இப்போ கிராஃப். படத்தை ஒட்டிவிட்டு "படத்தில் காண்க"ன்னு எழுதினா போதாது. படம் பார்க்காதவருக்கும் புரியுற மாதிரி சொல்லணும். கிடை அச்சில் இரண்டு இடம்: உரம் இல்லை, உரம் உண்டு. நிலை அச்சில் செடிக்கு எத்தனை கிலோ பழம். நிழலுக்கு ஒரு கோடா இரண்டு கோடு. அடர் நிழல் கோடு 2.0-ல் தொடங்கி 2.2-ல் முடியுது, கிட்டத்தட்டப் படுத்த கோடு. லேசான நிழல் கோடு அதற்குக் கொஞ்சம் கீழே 1.8-ல் தொடங்கி, செங்குத்தா ஏறி 3.2-க்குப் போகுது. இரண்டு கோடும் இணையா போகலை. ஏற்றத்தில் உள்ள வித்தியாசம் 1.4 − 0.2 = 1.2 கிலோ, அதுதான் இன்டராக்ஷனின் அளவு. அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 0.6 முதல் 1.8 வரை.

கோடுகள் இடப்பக்கம் ஒன்றையொன்று வெட்டிக்கிறதும் கண்ணில் படும். உடனே "உரம் இல்லாட்டி அடர் நிழல்தான் மேல்"னு எழுதத் தோணும். நிறுத்துங்க. அந்த 0.2 வித்தியாசத்துக்கும் சிம்பிள் எஃபெக்ட் போட்டா எஃப் 1 தான். உரம் உள்ள பக்கம் 1.0 கிலோ வித்தியாசம், எஃப் 25. ஆகவே வலப்பக்கம் கோடுகள் விலகியது நிஜம். இடப்பக்கம் எது மேல், எது கீழ்னு இந்த டேட்டாவால் சொல்ல முடியாது. வெட்டுற புள்ளிக்கும் அர்த்தம் கிடையாது. உரம் இல்லை, உண்டு என்ற இரண்டுக்கும் நடுவில் நாம் எதையும் அளக்கலை. கோடு போட்டது கண் தொடர்றதுக்காக மட்டும்.

அதே மாதிரி அடர் நிழலில் "உரம் வேலை செய்யவில்லை"ன்னும் எழுதாதீங்க. அந்த 0.2-இன் இடைவெளி −0.22 முதல் 0.62 வரை. அரை கிலோ கூடுதல் இருந்தாலும் இருக்கலாம். இன்னொண்ணு, ஒன்று எல்லையைத் தாண்டிச்சு, இன்னொன்று தாண்டலைங்கிறதை வச்சு இன்டராக்ஷன் இருக்குன்னு சொல்லக் கூடாது. இங்கே அதைச் சொன்னது எஃப் 18. சிம்பிள் எஃபெக்ட் சொன்னது, அது எந்த வடிவத்தில் இருக்குங்கிறதை.

ரிப்போர்ட்டில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "உரத்தின் பலன் நிழலைப் பொறுத்து மாறியது (எஃப் = 18). லேசான நிழலில் உரம் செடிக்கு 1.4 கிலோ கூட்டியது (இடைவெளி 0.98 முதல் 1.82). அடர் நிழலில் கூடியது 0.2 கிலோ, அது பூஜ்யத்திலிருந்து பிரித்தறிய முடியாத அளவு."

ஒரு எச்சரிக்கை, மலைக்கே உரியது. உரத்தைச் சீட்டுக் குலுக்கிப் போடலாம், மரத்தை அப்படி நட்டுவிட முடியாது. அடர் நிழல் 10 துண்டும் ஒரே பள்ளத்தில், லேசான நிழல் 10-ம் ஒரே மேட்டில் இருந்தா, நிழல் என்று நாம் சொல்றது மண்ணாழமாவும் ஈரமாவும் இருக்கலாம். அப்போ "இந்த இடத்தில் உரம் பலன் தந்தது, அந்த இடத்தில் அவ்வளவு தெரியலை" என்பது வரைக்கும் எழுதலாம். காரணம் நிழல்தான்னு எழுத, இரண்டு வகை நிழலும் மேட்டிலும் பள்ளத்திலும் கலந்து இருக்கிற துண்டுகள் வேணும்.