ஏன் எடுக்கவில்லை என்று கேட்டவருக்கு

கடைசி இருவரில் ஒருவராக வந்து வேலை கிடைக்காமல் போனவர், ‘எதில் குறைந்தேன் என்று சொன்னால் உதவியாக இருக்கும்’ என்று மின்னஞ்சல் அனுப்புகிறார். பல இடங்களில் இதற்குப் பதிலே போவதில்லை. போனாலும், ‘அனுபவம் கூடுதலாக உள்ளவரைத் தேர்ந்தெடுத்தோம்’ என்ற ஒரு வரிதான். அவருடைய அனுபவம் எத்தனை வருஷம் என்பது விண்ணப்பத்திலேயே இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தானே கடைசிச் சுற்றுவரை கூப்பிட்டார்கள்?

அரசுத் தேர்வு எழுதியவர் பலருக்கு ஒரு பிடி இருக்கிறது. மதிப்பிட்ட விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனியார் ஆலைக்கும் கம்பெனிக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. சொல்வதும் சொல்லாததும் ஆள் எடுப்பவரின் மனசு. சொல்வதென்று முடிவு செய்துவிட்டால் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே விஷயம்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நவீன அரிசி ஆலை என்று வைத்துக்கொள்வோம். சம்பா, தாளடி அறுவடை வருகிறது. நெல் கொள்முதலையும் தரத்தையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். கடைசிச் சுற்றில் பேச்சோடு நிறுத்தாமல் கிடங்கிலேயே வேலை கொடுத்துப் பார்த்தார்கள். தேர்வாகாதவர் காரணம் கேட்டதும் கொள்முதல் மேலாளர் அனுப்பக்கூடிய பதில் இது:

“வணக்கம். அந்த இடம் நிரம்பிவிட்டது. முடிவில் மாற்றம் இல்லை. நீங்கள் கேட்டதால், அன்று நான் எடுத்த குறிப்பைப் பார்த்து எழுதுகிறேன்.

பி.பி.டி. 5204 குவியலில் சி.ஆர். 1009 கலந்திருந்ததை நீங்கள் கையில் அள்ளிப் பார்த்ததுமே சொன்னீர்கள். சன்ன ரகத்தில் மோட்டா கலந்தால் அரவையில் என்ன ஆகும் என்பதையும் நாங்கள் கேட்காமலே விளக்கினீர்கள். ரகம் பார்ப்பதில் உங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை.

கணக்கில்தான் முதலில் தவறினீர்கள். 19 சதவீத ஈரப்பதத்தில் வரும் ஒரு டன் நெல்லை 14க்குக் காயவைத்தால் எடை எவ்வளவு குறையும் என்று கேட்டோம். 19இல் 14 போக 5 சதவீதம், ஆகவே 50 கிலோ என்றீர்கள். சரியான விடை 58. காய்ந்தாலும் குறையாதது தண்ணீர் நீங்கலான 810 கிலோ. 14 சதவீத ஈரத்தில் அந்த 810 கிலோதான் மொத்த எடையில் 86 சதவீதம். 810ஐ 0.86ஆல் வகுத்தால் 942 கிலோ வரும். டன்னுக்கு 8 கிலோ விட்டால் பத்து டன் லாரிக்கு 80 கிலோ, அதாவது 40 கிலோ சிப்பம் இரண்டு. விலையை இந்தக் கணக்கை வைத்துத்தான் பேசுகிறோம்.

அடுத்தது மாதிரி எடுத்த விதம். மேலடுக்கு மூட்டைகளில் மட்டும் குத்தூசி போட்டீர்கள். ஈரமான மூட்டைகளை வேண்டுமென்றே அடியில் வைத்திருந்தோம். மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்திலும் எடுத்துக் கலந்திருந்தால் மீட்டரே சொல்லியிருக்கும்.

மூன்றாவதாக, 21 சதவீத ஈரத்தோடு வந்த விவசாயியிடம் பேசச் சொன்னோம். ‘எடுக்க முடியாது, காயவைத்துக் கொண்டுவாங்க’ என்று முடித்தீர்கள். முடிவு சரி. ஆனால், மீட்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டவில்லை. நம் களத்திலேயே காயப்போட இடம் உண்டா என்று எங்களிடமும் கேட்கவில்லை. அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு ஆலைக்குப் போயிருப்பார்.

உங்கள் குறை அல்லாத ஒன்றும் இருந்தது. தேர்வானவர் கொள்முதல் நிலையத்தில் வேலை பார்த்துப் பழகியவர். அது எங்களுக்கு வசதி.

மூன்றில் கணக்கைச் சீக்கிரம் சரிசெய்துவிடலாம். வெவ்வேறு ஈரப்பதத்துக்குப் போட்டுப் பாருங்கள். தஞ்சையில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் குறுகியகாலப் பயிற்சிகள் நடக்கின்றன. நெல் பதனம் பற்றியது எப்போது என்று விசாரியுங்கள். குறுவை அறுவடைக்கு முன் இங்கே இன்னோர் இடம் வரலாம், உறுதி இல்லை. வந்தால் நீங்கள் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.”

இந்தக் கடிதத்தில் ‘உங்களிடம் தன்னம்பிக்கை குறைவு’, ‘கம்யூனிகேஷன் போதாது’ என்பதுபோல ஆளைப் பற்றிய தீர்ப்பு எதுவும் இல்லை. அவர் செய்தது என்ன, அதனால் ஆலைக்கு என்ன ஆகும் என்ற இரண்டு மட்டும் இருக்கின்றன. விவசாயியிடம் பேசிய விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘பேசத் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தால் அவர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்திருப்பார். மீட்டரைத் திருப்பிக் காட்டவில்லை என்றால் அடுத்த முறை திருப்பிக் காட்டுவார். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத வரம்பைத் தாண்டியதால் நெல் நின்றுபோய், மழையில் மூட்டையோடு காத்துக்கிடந்த அனுபவம் டெல்டா விவசாயிக்கு உண்டு. ஈரப்பதம் என்ற பேச்சை எடுத்தாலே அவருக்குச் சந்தேகம் வரும். அந்த இடத்தில் மீட்டரைக் காட்டத் தெரிந்தவரைத்தான் ஆலை தேடுகிறது.

முடிவு மாறாது என்பது முதல் வரியிலேயே வந்துவிட்டதையும் கவனியுங்கள். அதைக் கடைசிக்குத் தள்ளினால், படிப்பவர் ஒவ்வொரு பாராவிலும் தனக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருப்பார். பாராட்டிலும் கவனம் வேண்டும். நடந்ததைச் சொன்னால் பாராட்டு. ‘சிறப்பாகச் செய்தீர்கள்’ என்பது வெறும் பூச்சு. தேர்வானவரைப் பற்றி ஒரு வரிக்கு மேல் வேண்டாம். அவர் யார், எந்த ஊர், என்ன சம்பளம் என்பதெல்லாம் இவருக்குச் சொல்ல வேண்டியதல்ல.

எழுதவே முடியாத காரணங்களும் உண்டு. முதலாளியின் மச்சான் மகனுக்கு இடம் போயிருக்கலாம். அப்போது இவர் கணக்கில் ஒரு பிழையைத் தேடிப்பிடித்து அதுதான் காரணம் என்று எழுதுவது அநியாயம். அவர் இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்க்கப் போய்விடுவார். ‘உள்ளுக்குள் எடுத்த முடிவு, உங்கள் தேர்வில் குறை இல்லை’ என்று இரண்டு வரி போதும். கல்யாணம், குழந்தை, ‘எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை’ என்ற விசாரணையில் ஒருவர் கழிக்கப்பட்டிருந்தால் எந்தக் கடிதமும் அதைச் சரியாக்காது. அங்கே திருத்த வேண்டியது ஆள் எடுக்கும் முறையை.

பதில் வந்ததும் கேட்டவர் வாதாடத் தொடங்குவதும் நடக்கும். ‘50 கிலோ என்று நான் சொல்லவே இல்லை’ என்பார். ஒருமுறை, ‘என் குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது’ என்று பதில் போடலாம். அதற்கு மேல் பேச்சை வளர்த்தால் இருவருக்கும் கசப்புதான். கேட்காதவருக்கு இப்படி ஒரு கடிதத்தை வலியப்போய் அனுப்புவதும் தப்பு. கேட்கிற மனநிலையில் அவர் இருக்கிறாரா என்று நமக்குத் தெரியாது.

இத்தனைக்கும் அடிப்படை அந்தக் குறிப்பு. ஆள் எடுக்கப்போகிறவர்களே, கடைசிச் சுற்றில் ஒவ்வொருவர் வெளியே போனதும் அரைப் பக்கம் எழுதிவைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள். என்ன கேட்டோம், என்ன சொன்னார், எங்கே தடுமாறினார் என்று இருந்தால் போதும். குறிப்பு இல்லையென்றால் ஞாபகத்திலிருந்து காரணம் கட்டாதீர்கள். ‘குறிப்பு எடுக்கவில்லை, மன்னிக்கவும்’ என்று ஒப்புக்கொள்வது தவறான காரணத்தைவிட மேல்.