சித்தூர் மாவட்ட மக்கள்தொகையும் மீச்சிறு வர்க்க முறையும்

ஒரு மாவட்டத்துக்குக் குடிநீர்த் திட்டம் போடுகிறவர்கள் இன்றைய மக்கள்தொகையை வைத்துக்கொண்டு குழாய் பதிப்பதில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணித்து, அதற்கேற்பவே குழாயின் விட்டத்தையும் தொட்டியின் கொள்ளளவையும் முடிவு செய்கிறார்கள். அந்தக் கணிப்புக்கு உதவும் வழிகளுள் ஒன்று, கிடைத்த புள்ளிவிவரத்துக்கு மிகவும் நெருங்கிய இருபடி வளைகோட்டைக் காண்பது. கல்லூரிப் பாடத்தில் இதை மீச்சிறு வர்க்க முறை என்பார்கள். நாம் வாழும் சித்தூர், திருப்பதிப் பகுதியின் கணக்கையே எடுத்துச் செய்து பார்ப்போம்.

பழைய, பிரிக்கப்படாத சித்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகை, இலட்சத்தில், குடிமதிப்புக் கணக்குப்படி இது:

1971 — 22.9
1981 — 27.4
1991 — 32.6
2001 — 37.5
2011 — 41.7

1951ஆம் ஆண்டுக் கணக்கை இதனுடன் சேர்க்கக் கூடாது. 1960 ஏப்ரலில் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. சத்தியவேடு பகுதி இங்கே வந்தது. எல்லை மாறினால் இரண்டு எண்களும் ஒரே மாவட்டத்தைக் குறிக்கமாட்டா. எந்தக் கணக்கானாலும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

சமன்பாடுகள் எப்படி வருகின்றன?

நாம் தேடும் வளைகோடு y = a + bx + cx². இதில் x காலம், y மக்கள்தொகை. உண்மை எண்ணிலிருந்து வளைகோடு தரும் எண்ணைக் கழித்தால் கிடைப்பதை மீதி என்போம். ஐந்து மீதிகளையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் வரும் தொகை எவ்வளவு சிறியதோ, அவ்வளவு நல்லது வளைகோடு.

மீதிகளின் கூட்டுத்தொகை மிகை எண்ணாக வந்தால், வளைகோடு மொத்தத்தில் தாழ்ந்து கிடக்கிறது என்று பொருள். a-ஐக் கொஞ்சம் கூட்டினால் வர்க்கத் தொகை குறையும். ஆகவே மிகச் சிறிய நிலையில் அந்தக் கூட்டுத்தொகை பூச்சியமாகத்தான் இருக்க வேண்டும். அதேபோல், மீதிகளை x-ஆல் பெருக்கிக் கூட்டினால் பூச்சியம் வராதபோது வளைகோட்டின் சாய்வை மாற்றிப் பயன் பெறலாம். X²-ஆல் பெருக்கிக் கூட்டினால் பூச்சியம் வராதபோது வளைவை மாற்றிப் பயன் பெறலாம். இந்த மூன்று நிபந்தனைகளையும் எழுதினால் கிடைப்பவையே இயல்நிலைச் சமன்பாடுகள்:

Σy = na + bΣx + cΣx²
Σxy = aΣx + bΣx² + cΣx³
Σx²y = aΣx² + bΣx³ + cΣx⁴

x-ஐத் தேர்ந்தெடுத்தல்

1971, 1981 என்று ஆண்டையே x ஆகப் போட்டால் சிக்கல் வரும். 1991இன் நான்காம் அடுக்கு 14 இலக்க எண். பத்து இலக்கம் காட்டும் கணிப்பொறியில் கடைசி இலக்கங்கள் விழுந்துவிடும். ஏறக்குறைய சமமான இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது அந்த விழுந்த இலக்கங்களில்தான் விடையே இருக்கும். எனவே நடு ஆண்டான 1991ஐப் பூச்சியமாகவும், பத்தாண்டை ஓர் அலகாகவும் கொள்வோம். அப்போது x = −2, −1, 0, 1, 2. இதில் இன்னோர் இலாபம்: Σx, Σx³ இரண்டும் பூச்சியம். Σx² = 10, Σx⁴ = 34.

இனிக் கூட்டல்கள். Σy = 162.1. Σxy = −45.8 − 27.4 + 0 + 37.5 + 83.4 = 47.7. Σx²y = 91.6 + 27.4 + 0 + 37.5 + 166.8 = 323.3.

சமன்பாடுகள் இவ்வாறு சுருங்குகின்றன:

5a + 10c = 162.1
10b = 47.7
10a + 34c = 323.3

இரண்டாவதிலிருந்து b = 4.77. முதலாவதை இரண்டால் பெருக்கினால் 10a + 20c = 324.2. இதை மூன்றாவதிலிருந்து கழிக்க 14c = −0.9; அதாவது c = −0.064. பிறகு a = 32.55.

விடையைச் சோதித்தல்

இந்த வளைகோடு தரும் எண்கள் முறையே 22.75, 27.71, 32.55, 37.25, 41.83. மீதிகள் +0.15, −0.31, +0.05, +0.25, −0.13. கூட்டினால், கடைசி இலக்கத்தின் முழுமையாக்கம் தவிர, பூச்சியம். கூட்டல் பிழை இல்லை என்பதற்கு இதுவே நல்ல சோதனை.

ஆனால் கணக்குச் சரி என்பதும் வளைகோடு பொருந்துகிறது என்பதும் வேறு வேறு. பத்தாண்டுதோறும் கூடியவர்கள் 4.5, 5.2, 4.9, 4.2 இலட்சம். முதலில் ஏறி, பிறகு இறங்குகிறது. இருபடி வளைகோட்டிலோ இந்த அதிகரிப்பு ஒவ்வொரு முறையும் ஒரே அளவு ஏற வேண்டும், அல்லது ஒரே அளவு இறங்க வேண்டும். ஏறி இறங்க அதனால் முடியாது. அதனால்தான் c கிட்டத்தட்ட பூச்சியத்துக்கு வந்து, நேர்கோடு போலவே ஆகிவிட்டது. நேர்கோட்டுக்கு மீதிகளின் வர்க்கத் தொகை 0.26, நம் வளைகோட்டுக்கு 0.20. பெரிய முன்னேற்றம் இல்லை.

1971ஐ விட்டுவிட்டு மற்ற நான்கு ஆண்டுகளை மட்டும் எடுத்தால் என்ன ஆகும்? நடுப்புள்ளி 1996; ஐந்தாண்டு ஓர் அலகு; x = −3, −1, 1, 3. அதே வழியில் செய்தால் a = 35.11, b = 2.39, c = −0.0625. எந்த மீதியும் 0.06ஐத் தாண்டாது. அழகான பொருத்தம்தான். எனினும் நான்கு புள்ளிகளுக்கு மூன்று கெழுக்களை நாமே சரிசெய்துகொண்டோம். மீதிகள் சிறுத்ததில் வியப்பில்லை. பொருத்தத்தை மட்டும் பார்த்து இதை நம்பக் கூடாது. இதை நம்பக் காரணம் வெளியே இருக்கிறது: ஆந்திராவில் பிறப்பு விகிதம் குறைந்துவிட்டது. 2015–16 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள்.

இப்போது இரண்டையும் 2051 வரை நீட்டிப் பார்ப்போம். முதல் வளைகோடு 58.9 இலட்சம் என்கிறது, இரண்டாவது 53.8 இலட்சம் என்கிறது. ஒரே ஒரு புள்ளியைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் ஐந்து இலட்சம் பேர் வித்தியாசம். ஜல் ஜீவன் திட்டம் கிராமப்புறத்துக்கு வைத்த ஆளுக்கு 55 லிட்டர் என்ற கணக்கில் பார்த்தாலும், நாளொன்றுக்கு 2 கோடியே 75 இலட்சம் லிட்டர். குறைத்துக் கணித்தால் கோடையில் தண்ணீர் லாரி. கூட்டிக் கணித்தால் தேவையற்ற குழாய்க்கு வரிப்பணம். ஆகவே இத்தகைய அறிக்கையில் ஒரே எண்ணை எழுதாமல் இரண்டையும் எழுதி, எது எந்த ஆண்டுகளிலிருந்து வந்தது என்றும் குறிப்பிட வேண்டும். புள்ளிகளுக்கு இடையே எண் காண இருபடி வளைகோடு நல்ல துணை. நாற்பது ஆண்டு தாண்டி நீட்ட அதற்கு வலிமை போதாது.

2021இல் குடிமதிப்பு நடக்காததால் இவற்றைச் சரிபார்க்க முடியாமல் போயிற்று. மேலும், 2022 ஏப்ரல் 4 அன்று மாவட்டம் பிரிந்தது. திருப்பதி மாவட்டத்தில் நெல்லூரின் கூடூர், சூளூர்ப்பேட்டைப் பகுதிகள் சேர்ந்தன. மதனப்பள்ளிப் பக்கம் அன்னமய்யா மாவட்டத்துக்குப் போயிற்று. எனவே புதிய கணக்கு வரும்போது இன்றைய சித்தூரையும் திருப்பதியையும் கூட்டி மேலுள்ள வரிசையில் ஆறாவது புள்ளியாகச் சேர்த்துவிடக் கூடாது. மண்டலவாரியாக எடுத்துப் பழைய எல்லைக்குள் வருவதை மட்டும் கூட்ட வேண்டும்.

மாணவர்களுக்குப் பயிற்சி: நான்கு புள்ளிக் கணக்கின் விடையை மட்டுமே தந்திருக்கிறேன். இயல்நிலைச் சமன்பாடுகளை நீங்களே அமைத்துத் தீர்த்துப் பாருங்கள். Σx² = 20, Σx⁴ = 164 என்று வந்தால் வழி சரி. பிறகு x = 5 என்று இட்டு 2021க்குரிய எண்ணைக் காணுங்கள்; 45.5 இலட்சம் வர வேண்டும்.