மாதவிலக்கு வலிக்கு மெக்னீசியம், பி-6, ப்ரிம்ரோஸ் எண்ணெய்: வாங்கும் முன் தெரிந்துகொள்வோம்



கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி பக்கம் மருந்துக் கடைகளில் இப்போது மாதவிலக்குப் பிரச்சனைக்கென்று சத்து மாத்திரைகள் விற்கிறார்கள். ஒன்றில் மெக்னீசியம், ஒன்றில் வைட்டமின் பி-6, இன்னொன்றில் மஞ்சள் நிற எண்ணெய் அடைத்த ப்ரிம்ரோஸ் மாத்திரை. சிலவற்றில் மூன்றும் கலந்தே இருக்கும். "வலியும் போகும், கோபமும் போகும்" என்று சொல்லித் தருகிறார்கள். எது எதற்குக் கேட்கும், எதற்குக் கேட்காது, எங்கே கெடுதல் வரும் என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

முதலில்: தொல்லை ஒன்றா, இரண்டா?

நாம் எல்லாவற்றையும் சேர்த்து "அந்த நாள் தொந்தரவு" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இவை இரண்டு வேறு வேறு விஷயங்கள்.

ஒன்று, மாதவிலக்கு வலி. உதிரம் பட ஆரம்பிக்கும்போதோ அதற்குச் சில மணி நேரம் முன்போ அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். இடுப்பும் தொடையும் கடுக்கும். ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். கர்ப்பப்பையின் உள்தோல் கழன்று வரும்போது ப்ராஸ்டகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. அது கர்ப்பப்பையைத் துணி பிழிவது போலப் பிழிகிறது. வலி அதனால்தான்.

இன்னொன்று, விலக்குக்கு முந்தைய தொல்லை. வருவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே எரிச்சல், அழுகை, தூக்கமின்மை, மார்பில் கனம், வயிறு உப்புசம், கால் வீக்கம் எல்லாம் வரும். உதிரம் பட்டதும் ஓரிரு நாளில் குறைந்துவிடும். கருமுட்டை வெளிவந்த பிறகு உடம்பில் ஏறி இறங்கும் ஹார்மோன்களுக்கு மூளையும் உடம்பும் காட்டும் எதிர்வினை இது.

இரண்டுக்கும் காரணம் வேறு. ஆகவே ஒன்றுக்குக் கேட்கும் மருந்து மற்றதற்குக் கேட்கும் என்று சொல்ல முடியாது.

மெக்னீசியம்

தசை இறுகித் தளர்வதற்கு மெக்னீசியம் வேண்டும். மாதவிலக்கு வலிக்கு இதைக் கொடுத்துப் பார்த்த சில சிறிய ஆய்வுகளில் கொஞ்சம் பலன் தெரிந்தது. ஆனால் எவ்வளவு கொடுத்தால் சரி என்று இன்னும் முடிவாகவில்லை. முந்தைய தொல்லைக்கு தினம் 200 மில்லிகிராம் கொடுத்த ஓர் ஆய்வில், உப்புசமும் வீக்கமும் முதல் மாதம் குறையவில்லை. இரண்டாம் மாதம்தான் குறைந்தன. ஆக, நம்பிக்கை தரும் சான்று உண்டு, உறுதியான சான்று இல்லை.

மாத்திரைக்கு முன் நம் தட்டைப் பார்ப்போம். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 140 மில்லிகிராம் மெக்னீசியம் உண்டு. தீட்டிய வெள்ளை அரிசியில் 20, 30 மில்லிகிராம்தான். பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 300-க்கு மேல் தேவை. ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் விளைந்த கம்பும் சோளமும் முன்பு தினசாப்பாடு. இப்போது மூன்று வேளையும் அரிசிதான். ஒரு வேளை கம்பங்கூழோ கேழ்வரகுக் களியோ, கூடவே கீரை, ஒரு கைப்பிடி நிலக்கடலை, வாரம் இரண்டு முறை கொள்ளு என்று மாற்றினால் பெரும்பகுதி சத்து சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும்.

மாத்திரை போடுவதானால் நான்கு விஷயம் கவனியுங்கள். அளவு கூடினால் வயிற்றுப்போக்கு வரும். பேதிக்குக் கொடுக்கும் வெள்ளை மருந்தில் இருப்பதும் மெக்னீசியம்தான். சாப்பாட்டுச் சத்து போக, மாத்திரையாக ஒரு நாளைக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் தானாகப் போடக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை, தைராய்டு மாத்திரையுடன் சேர்த்துப் போடாமல் சில மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். கிட்னி கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. அவர்கள் உடம்பில் அது வெளியேறாமல் தேங்கி இதயத்தைப் பாதிக்கும்.

வைட்டமின் பி-6

இது முந்தைய தொல்லைக்குச் சொல்லப்படுவது. 1999-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில், அதுவரை நடந்த ஒன்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் மொத்தம் 940 பெண்கள். பி-6 கொஞ்சம் உதவக்கூடும், குறிப்பாக மனச்சோர்வுக்கு என்று முடிவு வந்தது. ஆனால் பெரும்பாலான ஆய்வுகள் தரம் குறைந்தவை என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

வலிக்கு பி-6 என்பதற்குப் போதிய சான்று இல்லை. பலர் குழப்பிக்கொள்வது பி-1ஐ. நம் நாட்டில் 556 பெண் பிள்ளைகளுக்குத் தினம் 100 மில்லிகிராம் பி-1 (தயமின்) 90 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1996-ல் வெளிவந்தது. பெரும்பாலோருக்கு வலி நின்றது என்றார்கள். இவ்வளவு பெரிய பலனை உறுதிப்படுத்தும் தரமான ஆய்வுகள் பிறகு வரவில்லை. எப்படி இருந்தாலும் பி-1 வேறு, பி-6 வேறு.

பி-6-ல்தான் கவனம் அதிகம் வேண்டும். நமக்கு ஒரு நாளைக்கு 2 மில்லிகிராம் போல இருந்தால் போதும். வாழைப்பழம், உருளைக்கிழங்கு, கொண்டைக்கடலை, மீன் எல்லாவற்றிலும் இது உண்டு. கடையில் கிடைக்கும் சில மாத்திரைகளில் 40, 50, 100 மில்லிகிராம் இருக்கிறது. தேவையைப் போல இருபது முதல் ஐம்பது மடங்கு! மாதக்கணக்கில் அதிகம் போட்டால் நரம்பு கெடும். பாதத்தில் மதமதப்பு, எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு வரும். பிறகு செருப்பு கழன்றதுகூடத் தெரியாது, நடை தடுமாறும். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும், ஆனால் மெதுவாகத்தான். 2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பெரியவர்களுக்கான மேல் வரம்பை ஒரு நாளைக்கு 12 மில்லிகிராமாகக் குறைத்தது.

இதில் நடக்கும் தவறு இதுதான். கால் மதமதப்புக்கு என்று கடையில் "நரம்பு மாத்திரை" வாங்குவோம். அதிலும் பி-6 இருக்கும். சத்துக் குறைவுக்கு பி-காம்ப்ளெக்ஸ் போடுவோம். அதிலும் இருக்கும். மேலே மாதவிலக்கு மாத்திரை வேறு. மூன்றையும் கூட்டினால்தான் உண்மையான அளவு தெரியும். அட்டையில் 'பைரிடாக்சின்' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். வாசிக்கத் தெரியாவிட்டால் கடைக்காரரிடம் காட்டி, "இதில் பைரிடாக்சின் எத்தனை மில்லிகிராம்?" என்று கேளுங்கள். டி.பி. மாத்திரையுடன் டாக்டர் கொடுக்கும் பி-6 வேறு கணக்கு. அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஈவினிங் ப்ரிம்ரோஸ் எண்ணெய்

மாலையில் பூக்கும் மஞ்சள் பூச்செடி ஒன்றின் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் இது. பூர்வீகம் அமெரிக்கா. நம் வீட்டு வாசலில் பூக்கும் அந்திமந்தாரை இது இல்லை. அந்திமந்தாரை விதையைத் தின்றுவிடாதீர்கள், அது நஞ்சு.

மார்பு வலிக்கு இது நெடுநாள் எழுதிக் கொடுக்கப்பட்டது. இங்கிலாந்தில் மருந்தாகவே அனுமதி பெற்றிருந்தது. பலனுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2002-ல் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. முந்தைய தொல்லைக்கு நடந்த நல்ல ஆய்வுகளில், வெறும் எண்ணெய் அடைத்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இதைச் சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வலிக்கும் சான்று இல்லை. மூன்றில் விலை கூடியது பெரும்பாலும் இதுதான். காசை மிச்சம் பிடிக்க வேண்டிய இடமும் இதுதான். கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

நோட்டில் எழுதிப் பார்ப்போம்

மாத்திரை கேட்டதா இல்லையா என்பதை மனசால் முடிவு செய்தால் ஏமாந்துவிடுவோம். புதுசாக எதைச் சாப்பிட்டாலும் முதலில் தேவலை போலத்தான் தெரியும். குழுவின் வரவு செலவு நோட்டு போல இதற்கும் ஒரு நோட்டு போடுங்கள். மூன்று வரிசை: எரிச்சல், உப்புசமும் மார்பு கனமும், அடிவயிற்று வலி. தினமும் 0 முதல் 3 வரை மார்க். ஒன்றுமில்லை என்றால் 0, வேலையே ஓடவில்லை என்றால் 3.

கம்பத்திலிருந்து விடியலில் ஜீப் ஏறி ஏல எஸ்டேட்டுக்குப் போகும் ஓர் அக்காவின் நோட்டு என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை இல்லாத முதல் இரண்டு மாதம், விலக்குக்கு முந்தைய ஏழு நாளின் முதல் இரண்டு வரிசை கூட்டல் 30, 28. விலக்கு வந்த முதல் இரண்டு நாள் வலி மார்க் 6, 6. மூன்றாம் மாதம் மெக்னீசியம் 200 மில்லிகிராம் ஆரம்பித்தார். முந்தைய மார்க் 18 ஆனது. "கேட்டுருச்சு" என்று சந்தோஷம். நான்காம் மாதமும் அதையே போட்டார். மார்க் மறுபடியும் 27. வலியோ 6, 5 என்று அப்படியே நிற்கிறது.

மூன்றாம் மாதத்தோடு நிறுத்தியிருந்தால் அந்த மாத்திரைக்கு வருஷம் முழுக்கக் காசு கொடுத்திருப்பார். ஐந்தாம் மாதமும் பார்த்துவிட்டு, குறையவில்லை என்றால் விட்டுவிடலாம். நோட்டு இன்னொன்றும் காட்டுகிறது. அவருடைய வலிக்கு வழி வேறு.

வலிக்கு எது கேட்கும்?

ப்ராஸ்டகிளாண்டினைத் தடுக்கும் இபுப்ரோஃபன், மெஃபெனாமிக் அமிலம் போன்ற மாத்திரைகளுக்குத்தான் உறுதியான சான்று உண்டு. வலி முற்றிய பிறகு போடுவதைவிட, ஆரம்பிக்கும்போதே சாப்பாட்டுக்குப் பின் போட்டால் நன்றாகக் கேட்கும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். வயிற்றுப்புண், கிட்னி கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும், கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. மெஃபெனாமிக் அமிலம் போட்டபின் உடம்பெல்லாம் தடிப்பு, காய்ச்சல் வந்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போகவும். இதைப் பற்றி இந்திய மருந்துத் தர ஆணையம் 2023-ல் எச்சரித்திருக்கிறது. அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடமும் நன்றாக உதவும். செலவில்லாத வைத்தியம்.

பெயர் தெரியாத மாத்திரை மட்டும் வேண்டாம். தமிழ்நாட்டின் ஆடைத் தொழிற்சாலைகளில் வலி என்று சொன்ன பெண்களுக்கு, பெயரோ காலாவதி தேதியோ இல்லாத மாத்திரைகளைக் கொடுத்து வேலை வாங்கியதை 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். சுமார் நூறு பெண்கள் அவர்களிடம் பேசினார்கள். நம் பிள்ளைகளும் மில்லுக்குப் போகிறார்கள். "அட்டையைக் காட்டுங்க" என்று கேட்கச் சொல்லிக் கொடுங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

வலி வருஷத்துக்கு வருஷம் கூடினால், முப்பது வயதுக்கு மேல் புதிதாக வந்தால், தாம்பத்தியத்தின்போதும் வலித்தால், உதிரம் ஏழு நாளுக்கு மேல் போனால், மணிக்கு ஒரு துணி நனைந்தால், நாள் தள்ளிப்போய்க் கடும் வலி வந்தால் இந்த மாத்திரைகளில் நேரத்தைக் கடத்தாதீர்கள். கர்ப்பப்பைக் கட்டியாகவோ கருக்குழாய்க் கர்ப்பமாகவோ இருக்கலாம். பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். எழுதிய நோட்டையும் எடுத்துப் போங்கள், டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். சந்தேகம் கேட்க 104-க்குப் போன் செய்யலாம்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பார்க்க

1. நம் உறுப்பினர்களுக்கு இருப்பது வலியா, முந்தைய தொல்லையா, இரண்டுமா?
2. வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகளைக் கொண்டு வந்து பைரிடாக்சின் அளவைக் கூட்டிப் பாருங்கள். எத்தனை வருகிறது?
3. இந்த வாரம் நம் வீட்டில் எத்தனை வேளை கம்பு, கேழ்வரகு, கீரை சமைத்தோம்?