தரகரும் தரகுக் கூலியும்

நம் மன்றத்து நண்பர் ஒருவர், வேதியியல் ஆராய்ச்சி மாணவர், திருநெல்வேலிப் பக்கத்தவர். உதவித் தொகையில் மிச்சம் பிடித்த பத்தாயிரம் ரூபாயைப் பங்குகளில் போட விரும்பினார். பூனாவில் ஒரு முழுச் சேவைத் தரகரின் கிளைக்குப் போனார். குளிர்ந்த அறை, தேநீர், கனிவான பேச்சு எல்லாம் கிடைத்தன. விடுதிக்குத் திரும்பியதும், கைபேசியிலேயே கணக்குத் திறக்கலாம் என்னும் சலுகைத் தரகரின் விளம்பரத்தைக் கண்டார். "எது நல்லது?" என்று என்னைக் கேட்டார். இருவரும் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

பத்தாயிரத்துக்குப் பங்கு வாங்கிச் சில மாதம் வைத்திருந்து, அதே விலைக்கு விற்பதாகக் கொள்வோம். முழுச் சேவைத் தரகர் சொன்ன கூலி அரை விழுக்காடு. வாங்கும்போது 50 ரூபாய், விற்கும்போது 50 ரூபாய். அதன்மேல் ஜிஎஸ்டி 18 ரூபாய். ஆக 118 ரூபாய். நண்பர் பார்த்த சலுகைத் தரகரிடம் இவ்வகை வாங்கல் விற்றலுக்குக் கூலியே இல்லை. ஆனால் 'சலுகை' என்ற பெயரைக் கண்டதும் இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்களிலும் சிலர் ஓர் ஆணைக்கு 20 ரூபாய் வரை வாங்குகிறார்கள்.

யாரிடம் போனாலும் மாறாத செலவுகளும் உண்டு. பங்குப் பரிமாற்ற வரி இரு முறையும் பத்துப் பத்து ரூபாய். முத்திரைத் தீர்வை ஒன்றரை ரூபாய். சந்தைக் கட்டணம் சில காசுகள். இவை போக, விற்கும் நாளில் டீமாட் கணக்கிலிருந்து பங்கை எடுப்பதற்கு ஏறத்தாழ 15 ரூபாய் பிடிப்பார்கள். மொத்தத்தில் ஒருவரிடம் சுமார் 37 ரூபாய்; மற்றவரிடம் சுமார் 155 ரூபாய்.

அந்த 15 ரூபாயைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அது பங்கின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. ஒரு நிறுவனத்துப் பங்குக்கு ஒரு நாளைக்கு ஒரு முறை. பத்தாயிரத்தை ஒரே நாளில் விற்றால் அது அற்பம். ஆயிரம் ஆயிரமாகப் பத்து நாள் விற்றால் 150 ரூபாய் போய்விடும். வியப்பு என்னவென்றால், ஒப்பந்தக் குறிப்பில் இது இராது. கணக்குப் பேரேட்டைத் திறந்தால்தான் தெரியும். "கூலி இல்லை என்றார்களே, பணம் எங்கே போயிற்று?" என்று கேட்போர் பலர் பேரேட்டைப் பார்க்காதவர்களே.

ஆண்டுக் கட்டணத்தில் மாணவர்க்கு ஒரு வசதி உண்டு. 2024 செப்டம்பர் முதல், அடிப்படை டீமாட் கணக்கில் உள்ள பங்குகளின் மதிப்பு 4 இலட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக் கட்டணம் இல்லை என்பது செபியின் விதி. ஆனால் தம் பெயரில் முதல் உரிமையாளராக ஒரே டீமாட் கணக்கு வைத்திருப்பவர்க்கே அது பொருந்தும். "இரண்டிலும் திறந்து பார்ப்போமே" என்றார் நண்பர். அப்படிச் செய்தால் அந்தச் சலுகை போய்விடும்.

இனி ஆராய்ச்சி அறிக்கை. முழுச் சேவைத் தரகர் கூலி கேட்பது இதற்காகத்தான். அறிக்கை வழவழப்பான தாளில் இருக்கிறதா என்பது கேள்வியன்று. ஓராண்டுக்கு முன் அவர்கள் வெளியிட்ட 'வாங்குக' அறிக்கைகளைக் கேட்டு வாங்குங்கள். நல்லவையாகப் பொறுக்கித் தந்தவை வேண்டாம், ஒரு மாதத்தில் வந்த அனைத்தும் வேண்டும். அன்றைய விலையையும் இன்றைய விலையையும் குறித்து, அதே காலத்தில் நிஃப்டி 50 எவ்வளவு நகர்ந்தது என்று ஒப்பிடுங்கள். 'விற்றுவிடுக' என்று எத்தனை அறிக்கை சொல்கிறது என்பதையும் எண்ணுங்கள். நாங்கள் வாங்கி வந்த கட்டில் ஒன்றுகூட இல்லை! அவர்கள் சொற்படி ஆண்டுக்கு ஆறு முறை வாங்கி விற்றால், கூலியும் ஜிஎஸ்டியும் மட்டுமே 708 ரூபாய். முதலில் ஏழு விழுக்காடு. அறிவுரை அதற்கு மேலும் ஈட்டித் தர வேண்டும். நாம் வாங்கி விற்கும்போதெல்லாம் வருமானம் பெறுபவர் 'சும்மா இருங்கள்' என்று சொல்வாரா?

இயங்குதளம் நின்றுபோனால் என் செய்வது? நீண்ட நாள் வைத்திருப்பவர்க்கு அரைமணி நேரத் தடங்கல் பெரும்பாலும் எரிச்சலோடு போய்விடும். கடன் பலத்தில் அன்றே வாங்கி அன்றே விற்பவர்க்குத்தான் அது இடி. 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையே முற்பகல் 11.40 மணிக்கு நின்றது. மீண்டும் திறந்தது மாலை 3.45க்கு. நேரம் நீட்டிக்கப்படும் என்று முன்கூட்டித் தெரியாததால், தரகர் சிலர் வாடிக்கையாளரின் அன்றாட வணிகத்தை மும்பைப் பங்குச் சந்தையில் முடித்துவிட்டனர், பலர்க்கு நட்டம். அன்று எந்தத் தரகரின் கணிப்பொறியும் தனியாகக் காப்பாற்றியிருக்க முடியாது. தொலைபேசியில் ஆணை ஏற்பார்களா, அதற்குத் தனிக் கட்டணம் எவ்வளவு என்பதை மட்டும் முன்னரே கேட்டு, எண்ணைக் குறித்து வைப்பது போதும்.

நண்பர் சலுகைத் தரகரிடம் கணக்குத் திறந்தார். ஆயின் ஊரிலுள்ள அவர் தந்தைக்கு நான் வேறு சொன்னேன். அவரிடம் பழைய காகிதப் பங்குச் சான்றிதழ்கள் இருக்கின்றன. சிலவற்றில் இறந்துபோன பாட்டனார் பெயர். கையொப்பம், வாரிசுச் சான்று, படிவம் என்று அலைய வேண்டிய அவ்வேலைக்கு, எதிரில் உட்கார்ந்து தாளைப் புரட்டிப் பார்க்கும் கிளை அலுவலர் ஒருவர் இருந்தால், அரை விழுக்காடு அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன்.