ராக்கெட்டின் திசைவேகம்: நிறை மாறும்போது சமன்பாட்டை அமைப்பது எப்படி?

பதினொன்றாம் வகுப்பில் நியூட்டனின் இரண்டாம் விதியை F = d(mv)/dt என்று எழுதியபின், "நிறையும் மாறினால் என்ன ஆகும்?" என்று மாணவர் ஒருவர் கேட்பது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கேள்விக்கு நான் சற்றும் யோசிக்காமல் கரும்பலகையில் இப்படி எழுதினேன்:

F = m (dv/dt) + v (dm/dt)

"ராக்கெட்டுக்கு இதுதான் சமன்பாடு" என்றும் சொல்லிவிட்டேன். பின் இருக்கையில் இருந்த மாணவி ஒருவர், "சார், வெளி விசை இல்லையென்றால் F = 0. அப்படியானால் mv மாறாது. தொடக்கத்தில் ராக்கெட் ஓய்வில் இருந்தால் mv = 0. கடைசி வரை அது நகரவே நகராதே!" என்றார். வகுப்பு சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள்தான் சரியான விளக்கத்தோடு வகுப்புக்குச் சென்றேன். அந்த விளக்கமே இக்கட்டுரை.

பிழை எங்கே?

உந்த மாறா விதி ஓர் அமைப்பு முழுமைக்கும் உரியது. அந்த அமைப்பிலிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது. எதுவும் உள்ளே வரவும் கூடாது. ராக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு நொடியும் வாயு வெளியேறுகிறது. அந்த வாயு தன் உந்தத்தையும் எடுத்துச் செல்கிறது. நான் எழுதிய சமன்பாட்டில் அந்த வாயுவுக்குக் கணக்கே இல்லை. எனவே ராக்கெட், அது சற்றுமுன் வெளியேற்றிய வாயு ஆகிய இரண்டையும் சேர்த்து ஓர் அமைப்பாகக் கொள்ள வேண்டும்.

சமன்பாட்டை அமைத்தல்

t நேரத்தில் ராக்கெட்டின் நிறை m, திசைவேகம் v என்க. dt என்ற சிறு கால இடைவெளிக்குப் பின் அதன் நிறை m + dm, திசைவேகம் v + dv. நிறை குறைவதால் dm ஓர் எதிர்க்குறி எண். ஆகவே வெளியேறிய வாயுவின் நிறை –dm. இக்குறியை இப்போதே மாணவர்களுக்குத் தெளிவாக்கிவிட்டால் பின்னர் குழப்பம் வராது.

வாயு, ராக்கெட்டைச் சார்ந்து u என்ற வேகத்தில் பின்னோக்கிச் செல்கிறது. தரையில் நிற்பவருக்கு அதன் திசைவேகம் v – u. மாணவர்கள் பெரும்பாலும் இங்கே வெறும் –u என்று எழுதிவிடுவார்கள். ஓடும் பேருந்திலிருந்து பின்பக்கமாக எறியப்படும் பந்தை நினைவூட்டினால் போதும். பேருந்து வேகமாகச் சென்றால் அந்தப் பந்தும் தரையைப் பொறுத்து முன்னோக்கியே நகரக்கூடும்.

வெளி விசை இல்லாதபோது முன்னும் பின்னும் மொத்த உந்தம் சமம்:

mv = (m + dm)(v + dv) + (–dm)(v – u)

வலப்பக்கத்தை விரித்தால்:

mv = mv + m dv + v dm + dm dv – v dm + u dm

v dm என்ற உறுப்பு ஒருமுறை கூட்டலாகவும் ஒருமுறை கழித்தலாகவும் வந்து நீங்கிவிடுகிறது. நான் தவறாக எழுதிய சமன்பாட்டில் மிஞ்சி நின்றது இந்த உறுப்புதான். dm dv இரு மிகச்சிறு அளவுகளின் பெருக்கல் என்பதால் அதை விட்டுவிடலாம். கிடைப்பது:

m dv = –u dm

இறுதித் திசைவேகம்

மாறிகளைப் பிரித்தால் dv = –u (dm/m). திசைவேகம் 0 முதல் v வரையிலும், நிறை m₀ முதல் m வரையிலும் தொகையிட:

v = u ln(m₀/m)

இது ஆம் மடக்கை 10 அடிமான மடக்கை அன்று, இயல் மடக்கை. மடக்கை அட்டவணையைப் பயன்படுத்தும் மாணவர் 2.303 ஆல் பெருக்க வேண்டும். இச்சமன்பாட்டை 1903 இல் வெளியிட்ட கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி, ரஷ்யாவின் கலூகா நகரில் பணியாற்றிய ஒரு பள்ளிக் கணித ஆசிரியர்.

மடக்கை எங்கிருந்து வந்தது?

தொகையிடல் இன்னும் கைவராத மாணவருக்கு ஒரு கணக்குக் கொடுக்கலாம். 10 கிலோ நிறையுள்ள வண்டியில் 5 கிலோ கற்கள் உள்ளன. ஒவ்வொரு கல்லும் 1 கிலோ. வீசியபின் வண்டியைச் சார்ந்து கல்லின் வேகம் u. முதல் கல்லை வீசும்போது வண்டியின் வேகம் u/10 கூடும். அடுத்து u/9, பின் u/8, u/7, u/6. கூட்டினால் 0.646 u. நிறை குறையக் குறைய அதே கல் அதிக வேகத்தைத் தருகிறது என்பதை மாணவரே காண்பார்.

இப்போது அரைக் கிலோ கற்கள் பத்தாக வீசச் சொல்லுங்கள். விடை 0.669 u. கற்களைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் விடை ln 2, அதாவது 0.693 u ஐ நெருங்கும். எரிபொருள் என்பது மிகச்சிறிய கற்களின் தொடர் வீச்சு.

ஓர் உண்மை ராக்கெட்

ஜெர்மனியில் உருவாக்கப்பட்டு 1942 இல் முதன்முதலாக வெற்றிகரமாக ஏவப்பட்ட வி-2 ராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். ஏவும்போது நிறை சுமார் 12,500 கிலோ. அதில் ஆல்கஹாலும் திரவ ஆக்சிஜனும் சேர்ந்து சுமார் 8,700 கிலோ. எரிந்தபின் மிஞ்சுவது 3,800 கிலோ. வாயு வெளியேறும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2,000 மீட்டர்.

v = 2000 × ln(12500/3800) = 2000 × 1.19 = 2,380 மீ/வி

ஆனால் அந்த ராக்கெட் உண்மையில் அடைந்தது சுமார் 1,600 மீ/வி. வேறுபாடு ஏன்? புவியீர்ப்பை நாம் சேர்க்கவில்லை. செங்குத்தாக மேலே செல்லும்போது சமன்பாடு இப்படி மாறும்:

m (dv/dt) = –u (dm/dt) – mg

தொகையிட்டால்:

v = u ln(m₀/m) – gt

எரிபொருள் எரிந்த நேரம் சுமார் 65 விநாடி. gt = 9.8 × 65 = 637 மீ/வி. எனவே v ஏறத்தாழ 1,740 மீ/வி. உண்மை மதிப்பை நன்றாக நெருங்கிவிட்டோம். எஞ்சிய வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் காற்றுத்தடை. ராக்கெட் போகப்போகச் சாய்ந்து சென்றதால் புவியீர்ப்பின் இழப்பு நாம் கணித்ததைவிடச் சற்றுக் குறைவு என்பதையும் ஆர்வமுள்ள மாணவருக்குச் சொல்லலாம்.

ஒரே அளவு எரிபொருளை மெதுவாக எரித்தால் t கூடும், இழப்பும் கூடும். முதல் உறுப்பு எரியும் நேரத்தைச் சார்ந்ததன்று, இரண்டாவது சார்ந்தது. தேர்வில் கேட்கத் தகுந்த நல்ல வினா இது.

சமன்பாடு காட்டும் எல்லை

இதே இயந்திரத்தால் புவியைச் சுற்றத் தேவையான 7,800 மீ/வி வேகத்தை ஒரே ராக்கெட்டில் அடைய முடியுமா? புவியீர்ப்பையும் காற்றையும் விட்டுவிட்டாலும் ln(m₀/m) = 3.9 ஆக வேண்டும். அதாவது m₀/m ஏறத்தாழ 49. மொத்த நிறையில் 98 விழுக்காடு எரிபொருளாக இருக்க வேண்டும். மிஞ்சும் 2 விழுக்காட்டில் தொட்டி, இயந்திரம், செயற்கைக்கோள் எல்லாம் அடங்க வேண்டும். அப்படி ஒரு ராக்கெட்டைக் கட்ட முடியாது. காலியான தொட்டியைக் கழற்றிவிட்டு அடுத்த அடுக்கை இயக்குவதும், u அதிகமுள்ள எரிபொருளைத் தேடுவதும் இதனால்தான்.

இப்பாடம் முடிந்தபின் நான் பழைய தவறான சமன்பாட்டையே கரும்பலகையில் எழுதி, "இது ஏன் தவறு?" என்று கேட்கிறேன். "ஓய்விலிருந்து ராக்கெட் கிளம்பவே கிளம்பாது" என்ற பதில் வந்துவிட்டால், அவர்களுக்கு உந்த மாறா விதி புரிந்துவிட்டது என்று பொருள்.